ஸ்லைடை அனுப்பும் முன் நான்கு சுற்று

வகுப்பறைத் திரையில் வருவதைக் குழந்தைகள் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கரும்பலகையில் நாம் ஒரு பிழை செய்தால் முன்வரிசையில் இருந்து "டீச்சர், அங்கே ஒரு கொம்பு விட்டுப்போச்சு" என்று குரல் வரும். திரையில் அச்செழுத்தாக வந்ததை யாரும் கேட்பதில்லை. அச்சில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்பது குழந்தைகளின் நம்பிக்கை, பல நேரங்களில் நம்முடைய நம்பிக்கையும்கூட. ஒரு வகுப்புக்காகத் தயாரித்த ஸ்லைடு குறுவள மையக் குழு வழியாக மறுநாளே இருபது பள்ளிகளுக்குப் போய்விடும் இந்தக் காலத்தில், அனுப்பும் முன் எதை எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

நான் பின்பற்றும் முறை எளியது. முழுத் தொகுப்பையும் நான்கு முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே பார்க்கிறேன்: முதலில் எண்கள், அடுத்து பெயர்கள், அடுத்து எழுத்துப்பிழை, கடைசியில் வரிசையமைப்பு. நான்கையும் ஒரே பார்வையில் பார்க்க முயன்றால் கண் எழுத்துப்பிழையிலேயே நின்றுவிடும். ஒரு 'ற' தவறாக இருப்பதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அதே வரியில் உள்ள எண்ணைச் சரிபார்த்துவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது.

வரிசைக்கும் காரணம் உண்டு. எண்ணையோ பெயரையோ திருத்தினால் வரியின் நீளம் மாறும், சொற்கள் அடுத்த வரிக்கு இறங்கும், பெட்டி நகரும். எனவே வரிசையமைப்பை முதலில் பார்ப்பது வீண் வேலை. எண்கள் முதலில் வருவதற்குக் காரணம், அவற்றை ஸ்லைடைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. மூல ஆவணத்தைத் திறந்தாக வேண்டும். நேரம் பிடிக்கும் அந்த வேலையைக் களைத்த பிறகு செய்யக்கூடாது.

இதைச் சக ஆசிரியர்களுடன் சோதித்துப் பார்க்க, 'நம் மாவட்டம்: கள்ளக்குறிச்சி' என்ற எட்டு ஸ்லைடு தொகுப்பு ஒன்றைத் தயாரித்து, அதில் வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து வைத்தேன். குழுக்களாக அமர்ந்து தேடினார்கள். எழுத்துப்பிழைகள் பத்து நிமிடத்தில் அகப்பட்டன. அகப்படாதவை எவை என்பதுதான் சுவையானது.

ஒரு ஸ்லைடில் இப்படி இருந்தது: 'கள்ளக்குறிச்சி மாவட்டம், மக்கள்தொகை (2011): 34,58,873'. எண்ணில் ஓர் இலக்கம்கூடத் தவறில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இறுதி அட்டவணையில் இருந்து எடுத்த எண்தான். ஆனால் அது அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. 2011 கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாட்டில் இருந்தவை 32 மாவட்டங்கள். அந்த அட்டவணையில் கள்ளக்குறிச்சி என்ற மாவட்டமே கிடையாது. நமது மாவட்டத்துக்கு 2011-இன் எண் வேண்டுமென்றால், விழுப்புரத்தின் கீழ் அன்று இருந்த நம் வட்டங்களின் எண்களைக் கூட்டித்தான் பெற வேண்டும். அப்படிப் பெற்றால் 'அன்றைய வட்ட எண்களைக் கூட்டியது' என்று ஸ்லைடிலேயே சிறிய எழுத்தில் எழுதிவிட வேண்டும்.

எனவே எண் சுற்றில் நான் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. அதன் அருகில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன்: எதன் எண், எந்த இடத்துக்குரியது, எந்த ஆண்டு, எந்த ஆவணத்தில் இருந்து. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த எண்ணைத் திரையில் போடுவதில்லை. 'தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள்' என்பது இன்று சரி. அதையே 2011-இன் மக்கள்தொகை எண்ணுடன் ஒரே அட்டவணையில் ஆண்டு குறிப்பிடாமல் வைத்தால், இரண்டும் ஒரே காலத்தவை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, இரண்டு 'சரியான' எண்கள். தமிழ்நாட்டின் 2011 எழுத்தறிவு வீதம் 80.33 என்று சில ஸ்லைடுகளில் இருக்கும், 80.09 என்று சிலவற்றில் இருக்கும். இரண்டும் கணக்கெடுப்புத் துறை வெளியிட்டவையே. முதலாவது 2011-இல் வந்த தற்காலிக எண், இரண்டாவது பின்னர் வந்த இறுதி எண். மொத்த மக்கள்தொகையும் அப்படியே: தற்காலிகம் 7,21,38,958, இறுதி 7,21,47,030. பாலின விகிதம் முதலில் 995, பின்னர் 996. ஒரே தொகுப்பில் மூன்றாம் ஸ்லைடு தற்காலிக எண்ணையும் ஆறாம் ஸ்லைடு இறுதி எண்ணையும் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பல இடங்களில் இருந்து எடுத்து ஒட்டும்போது இது தானாக நுழைந்துவிடும். இறுதி எண் கிடைக்கும்போது அதை மட்டும் பயன்படுத்துவோம்.

எண்கள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று கைபேசிக் கணிப்பானில் பார்ப்பது அரை நிமிட வேலை. ஆண்கள் 3,61,37,975, பெண்கள் 3,60,09,055. கூட்டினால் 7,21,47,030 வர வேண்டும், வருகிறது. பெண்கள் எண்ணிக்கையை ஆண்கள் எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 996.4. ஸ்லைடில் 996 என்றிருந்தால் சரி, 995 என்றிருந்தால் எங்கோ தற்காலிக எண் கலந்திருக்கிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகள் என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

80.09 என்பதை 80.9 என்று தட்டிவிடுவது, 7,21 என்பதை 7,12 ஆக்கிவிடுவது போன்றவை மீண்டும் மீண்டும் படிப்பதால் அகப்படாது. கண் தான் எதிர்பார்ப்பதையே படிக்கும். இருவர் இருந்தால் ஒருவர் மூலத்தில் இருந்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, மற்றவர் ஸ்லைடில் விரல் வைத்துப் பார்க்கலாம். 'எழுபத்திரண்டு' என்று சொல்லாமல் 'ஏழு, இரண்டு' என்று சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் வலமிருந்து இடமாக ஒப்பிடுங்கள். புள்ளியையும் ஓர் இலக்கமாகவே எண்ணுங்கள்.

காற்புள்ளி பற்றி ஒன்று. எக்செல்லில் இருந்து ஒட்டிய எண் 72,147,030 என்று வந்து நின்றால், அந்தக் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது என்று பொருள். 'ஏழு கோடியே இருபத்தொரு லட்சம்' என்று படிக்கக் கற்றுத்தரும் வகுப்பில் இது குழப்பத்தை உண்டாக்கும். வட்டார அமைப்பை `English (India)` என மாற்றி எண்ணை மீண்டும் எடுத்து ஒட்டினால் லட்சம், கோடிப் பிரிப்பில் வரும். வரைபடம் இருந்தால் இன்னொரு பொறி உண்டு. அட்டவணையில் எண்ணைத் திருத்தினாலும் பக்கத்தில் உள்ள பட்டை வரைபடம் பழைய எண்ணிலேயே நிற்கும், ஏனெனில் அதன் தரவு தனியாக இருக்கிறது. வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து `Edit Data` திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சாலை எண்ணும் எண்தான். உளுந்தூர்பேட்டையில் பிரிந்து சேலம் போகும் நெடுஞ்சாலை பழைய எண்முறையில் 68, இப்போது 79. பழைய ஸ்லைடில் 68 என்றும், பிள்ளை பேருந்தில் போகும்போது பார்க்கும் பலகையில் 79 என்றும் இருந்தால், பிள்ளை பலகையை நம்பட்டும்.

இனி பெயர்கள். புதைத்த பிழைகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது இங்கேதான் இருந்தது. கல்வராயன் மலை பற்றிய ஸ்லைடில் 'இங்கு மலையாளிகள் வாழ்கின்றனர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கதகளிப் படத்தை வைத்திருந்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கவனிக்கவே இல்லை. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் உள்ள 'மலையாளி' என்பது மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் சமூகப் பெயர். அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு அந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. இணையத்தில் அந்தச் சொல்லைப் போட்டுப் படம் தேடினால் கேரளப் படங்கள்தான் வந்து குவியும், தவறு அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளிமலைப் பக்கத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், தன் சமூகத்தைத் திரையில் வேறு யாராகவோ பார்க்கும். எனவே பெயர்ச் சுற்றில் படத்தையும் சேர்த்தே பார்க்கிறேன். இந்தப் பெயருக்கு உரிய படம்தானா இது? பிழைதிருத்தம் என்றால் எழுத்தை மட்டும் பார்ப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கடந்துவிடுவார்கள்.

ஊர்ப்பெயர்களில் இரண்டு வடிவங்கள் வழங்குவது நமக்குப் பழக்கம். திருக்கோவிலூர் என்றும் திருக்கோயிலூர் என்றும் எழுதுகிறோம். கல்வராயன் மலை என்றும் கல்ராயன் மலை என்றும் சொல்கிறோம். எது சரி என்ற விவாதத்தை ஆசிரியர் அறையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தொகுப்பில் ஒரு வடிவம்தான் இருக்க வேண்டும், பாடநூலில் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு நல்லது. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். புணர்ச்சி விதியை நினைத்து 'உளுந்தூர்ப்பேட்டை' என்று ஒற்றுச் சேர்ப்பவர்கள் உண்டு. பெயர்ப்பலகையும் அரசு ஆவணமும் ஒற்றில்லாமல் எழுதும்போது ஸ்லைடும் அப்படியே எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே முறைதான். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஓர் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அந்த இடைப்பட்ட நாட்களில் தயாரான தொகுப்புகள் சில இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பிள்ளைகளின் பெயர்கள் வரும் ஸ்லைடு என்றால் இன்னும் கவனம் தேவை. பரிசளிப்பு, அறிவியல் கண்காட்சி, மன்றச் செயல்பாடுகள் என்று எத்தனையோ. ஆங்கிலத்தில் உள்ள பட்டியலை எடுத்துத் தமிழாக்கும் கருவியில் போட்டால், `Mani` என்பது மணியா மனியா என்று கருவிக்குத் தெரியாது. `Valli` வள்ளியாகவும் வரும், வல்லியாகவும் வரும். `Vel` என்பதில் வேலும் வெல்லும் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் ல, ள வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் குறில் நெடிலும் கரைந்துபோகின்றன. கரைந்ததை யாரும் ஊகித்து மீட்க முடியாது. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தமிழ்ப் பெயரைப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட எளிய வழி, அச்சிட்ட பட்டியலை அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்து அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடச் சொல்வது. முன்னெழுத்தையும் அவர்களே பார்த்துவிடுவார்கள்.

மூன்றாம் சுற்று எழுத்துப்பிழை. கணினியின் சிவப்புக்கோடு தமிழில் பெரிதாக உதவாது. உதவினாலும், அகராதியில் உள்ள சொல்லை அது விட்டுவிடும். 'கல்வராயன் மழை' என்பதில் 'மழை' சரியான சொல். 'கோமுகி ஆற்றின் கறை' என்பதில் 'கறை' சரியான சொல். பனி பணி, அரை அறை, வலி வழி என்று நம் பிள்ளைகள் தடுமாறும் இணைகள்தாம் தட்டச்சிலும் தடுமாறுகின்றன, காரணம் ஒலிவழித் தட்டச்சில் இவற்றில் பலவற்றுக்கு ஒரு `Shift` விசைதான் வேறுபாடு. இந்தச் சுற்றில் ஸ்லைடை வாய்விட்டு, நாக்கை மடக்கி வேறுபாடு தெரியும்படி படியுங்கள். பவர்பாயிண்டில் `Outline View` திறந்தால் எழுத்துகள் மட்டும் வரிசையாக வரும், படிக்க வசதி. ஆனால் தனியாகச் செருகிய உரைப்பெட்டிகளும் வரைபடத்தில் உள்ள சொற்களும் அதில் வருவதில்லை. படத்தின் கீழ் உள்ள சிறு குறிப்புகளில் பிழை தங்கிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. 'ர்' என்பதற்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த 'ா்', 'கௌ' என்பதற்குப் பதில் 'கெ'யும் 'ள'வும் சேர்ந்த 'கெள'. பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பனுவலில் இவை நிறைய இருக்கும். திரையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 'ஊர்' என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. திரைவாசிப்பான் வழியே கேட்டுப் படிக்கும் பார்வைக் குறைபாடுடைய பிள்ளைக்கு அது வேறு ஒலியாகக் கேட்கும். சோதிப்பது எப்படி? எழுத்துக்குப் பின்னால் நிலைக்காட்டியை வைத்து `Backspace` விசையை ஒருமுறை அழுத்துங்கள். புள்ளி போய் 'ர' நின்றால் சரி, வெறும் கால் நின்றால் தவறு. ஒன்று அகப்பட்டால் அந்த 'ா்' வடிவத்தை நகலெடுத்து `Replace` பெட்டியில் ஒட்டி, முழுத் தொகுப்பிலும் ஒரே முறையில் மாற்றிவிடலாம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஸ்லைடு என்றால் பிழைதிருத்தத்தைத் தொடங்கவே வேண்டாம், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும்.

ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி இங்கே நீட்டவில்லை. தமிழாசிரியர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் கொடுத்தால் முடிந்துவிடும்.

கடைசிச் சுற்று வரிசையமைப்பு. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அட்டவணையில் எண்களை நடுவில் அடுக்கினால் 9,80,000-உம் 98,000-உம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் தோன்றும். வலப்பக்கம் ஒட்டி அடுக்கினால் எது பெரியது என்பது படிக்காமலே தெரியும். நாம் கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதும் முறைதான் இது. தசம எண்களில் எல்லா வரிகளிலும் புள்ளிக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் இருக்கட்டும்.

இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நிரல்களை நேராக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். நம் கணினியில் நேராக நிற்பது, வகுப்பறைக் கணினியில் வேறு எழுத்துரு வந்ததும் கலைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லாவற்றையும் தேர்வு செய்து எழுத்துருவை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். நிரல்கள் கோணினால் அவை இடைவெளியால் கட்டியவை. மாற்றியதை `Ctrl+Z` கொடுத்துத் திருப்பிவிட்டு, அந்த இடத்தில் உண்மையான அட்டவணையைச் செருகுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபக்கமும் சீராக்கும் அமைப்பையும் தவிர்க்கலாம், வரியின் நடுவே பெரிய ஓட்டைகள் விழும். வரி இடைவெளியை மிகவும் இறுக்கினால் 'ஸ்ரீ', 'ழு' போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியோடு மோதும்.

இந்தச் சுற்றை வீட்டு மடிக்கணினியில் முடிக்காமல், பாடம் நடக்கும் அறையின் திரையில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செய்ய வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் வேறு மென்பொருள் இருக்கலாம், திரையின் நீள அகல விகிதமும் வேறாக இருக்கலாம். சேமிக்கும்போது `Embed fonts in the file` என்பதைத் தேர்வு செய்வது ஓரளவு உதவும். எல்லா எழுத்துருவும் அதற்கு இடம் கொடுக்காது, எல்லா மென்பொருளும் அதை மதிக்காது. அசைவுகள் இல்லாத தொகுப்பு என்றால், கூடவே ஒரு பிடிஎஃப் கோப்பும் அனுப்புவதே நம்பகமானது. அதில் எதுவும் நகராது.

நான்கு சுற்றும் முடிந்த பின் 'இந்த ஒரு சொல்லை மட்டும்' என்று கை வைக்க நேர்ந்தால், அந்த ஸ்லைடுக்கு மட்டும் நான்கும் மறுபடி நடக்க வேண்டும். எட்டு ஸ்லைடு தொகுப்புக்கு எனக்கு மொத்தம் நாற்பது நிமிடம் ஆகிறது. அதில் பாதி எண்களுக்கே போகிறது.

அனுப்பிய பிறகு யாராவது பிழையைச் சுட்டிக்காட்டினால், திருத்திய கோப்பை அதே பெயரில் அனுப்ப வேண்டாம். பெயரின் இறுதியில் தேதியைச் சேர்த்து, எந்த ஸ்லைடில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதை ஒரே வரியில் குழுவில் எழுதுங்கள்: 'ஸ்லைடு 3, எழுத்தறிவு வீதம் 80.33 அல்ல, 80.09'. பழைய கோப்பை ஏற்கெனவே இறக்கிவைத்து வகுப்பில் காட்டிவிட்ட ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதும், மறுநாள் பிள்ளைகளின் குறிப்பேட்டில் அந்த எண்ணை மட்டும் திருத்தச் சொல்லிவிடுவார்.